புதிய பொதுச் சேவை: படகு யாருடையது?

வன்னியில் வயதானவர்கள் இன்றும் கிராம அலுவலரை ‘விதானையார்’ என்றுதான் சொல்வார்கள். 1963இல் விதானை முறையை ஒழித்துவிட்டு அந்த இடத்துக்குக் ‘கிராம சேவகர்’ என்ற பதவியைக் கொண்டுவந்தார்கள். பிறகு சேவகரும் போய் ‘கிராம உத்தியோகத்தர்’ வந்தார். ஊரை ஆண்டவர், ஊருக்குச் சேவை செய்பவர், உத்தியோகம் பார்ப்பவர் என்று ஒரே கதிரைக்கு மூன்று பெயர். பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகப் பாடத்தில் ‘புதிய பொதுச் சேவை’ என்று படிக்கும் கோட்பாடு கேட்பதும் இதைத்தான்: அந்தக் கதிரையில் இருப்பவர் யார்?

அந்தச் சொல்லை 2000இல் பரவலாக்கியவர்கள் ரொபேர்ட் டென்ஹார்ட், ஜெனட் டென்ஹார்ட் என்ற அமெரிக்க அறிஞர்கள். அவர்கள் மறுத்தது ‘புதிய பொது முகாமைத்துவம்’ என்ற போக்கை. அரசு கம்பனி போல இயங்க வேண்டும், மக்களை வாடிக்கையாளராகப் பார்க்க வேண்டும் என்பது அதன் வாதம். அரசு துடுப்பு வலிக்கத் தேவையில்லை, சுக்கான் பிடித்தால் போதும் என்று 1992இல் ஒஸ்போர்னும் கேப்ளரும் எழுதினார்கள். ஆங்கிலத்தில் அரசாங்கத்தைக் குறிக்கும் சொல்லே, சுக்கான் பிடிப்பதைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. (நம் ‘சுக்கான்’ அரபுக்காரர் தந்தது.) சுக்கானைப் பிடிக்கும் அவசரத்தில் படகு யாருடையது என்பதை மறந்துவிட்டோமே என்பதுதான் டென்ஹார்ட் இருவரின் பதில்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘சேவை’ வடமொழி, ஆனாலும் வேரூன்றிவிட்டது. சிக்கல் ‘பொது’வில்தான். இலங்கையில் இது ‘அரசாங்க சேவை’ என்றும், தமிழ்நாட்டில் ‘அரசுப் பணி’ என்றும் வழங்குகிறது. இரண்டிலும் பொதுமக்கள் இருந்த இடத்தில் அரசு உட்கார்ந்துவிட்டது. ‘பொதுப்பணி’ என்றால் வீதியும் மதகும் நினைவுக்கு வரும். ‘தொண்டு’ என்றால் நிறுவனங்களின் வெள்ளை வாகனம். ‘ஊழியம்’ இன்னும் மோசம். ஒல்லாந்தர் காலத்தில் அது கட்டாய உடலுழைப்பின் பெயர். வாடிக்கையாளருக்கு எதிராகக் ‘குடிமக்கள்’ என்று எழுதலாம். ஆனால் நம் பக்கத்தில் குடிமைத் தொழில் செய்தவர்களைச் சாதியோடு சேர்த்துச் சுட்டிய சொல்லும் அதுவே. எனவே என் தெரிவு ‘புதிய மக்கள் பணி’. பரீட்சைத் தாளில் ‘புதிய பொதுச் சேவை’ என்றே எழுதுங்கள், புள்ளி முக்கியம்.

கருத்தைக் குளத்துக்கட்டில் வைத்துப் பார்த்தால் விளங்கும். ஒரு குளத்தின் கீழ் 400 ஏக்கர் வயல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறுபோகத்துக்குள்ள நீர் 200 ஏக்கருக்குத்தான் போதும். பழைய நிர்வாகி சட்டத்தைப் பார்த்து, குளத்து நீரைத் திறந்துவிடும் துருசுக்கு அருகிலுள்ள 200 ஏக்கருக்கு விதைப்பு அனுமதி தந்து கோப்பை மூடிவிடுவார். முகாமைத்துவப் பாணி அதிகாரி நீருக்கு விலை வைத்து, வாய்க்கால் பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விடுவார்.

மூன்றாமவர் புதிய பொதுச் சேவைக்காரர். அவர் விவசாயிகள் கூட்டத்துக்கு முன்பே குளத்துக்கட்டுக்குப் போகிறார். நீர்மட்டக் கோலில் எத்தனை அடி என்பதைக் கமக்காரர் அமைப்பினரும் வாய்க்காலின் கடைசியில் காணி வைத்திருப்பவர்களும் அவருடன் நின்று பார்க்கிறார்கள். கூட்டத்தில் அவர் தீர்வைச் சொல்வதில்லை, கணக்கைத்தான் சொல்கிறார். பேசிப் பேசி ஊரே பங்கு முறைக்கு வருகிறது: துருசை ஒட்டிய 200 ஏக்கரை எல்லோருக்கும் பிரித்து, ஒரு ஏக்கர் உள்ளவர் அந்த மேல்நிலத்தில் அரை ஏக்கர் செய்வார். மேல்காணிக்காரர் ஒரு போகத்துக்குத் தன் நிலத்தில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும். அதை உத்தரவால் வாங்க முயன்றால் இரவில் வாய்க்கால் கதவு உடையும். பொதுநலன் என்பது தனிநலன்களைக் கூட்டி வரும் தொகை அல்ல, உரையாடிக் கண்டுபிடிப்பது என்று டென்ஹார்ட் இருவரும் சொன்னது இதைத்தான்.

போலியை அறிவதும் எளிது. கூட்டத்தில் வாசிக்கும் தீர்மானம் முதல்நாளே தட்டச்சாகியிருந்தால் அங்கே சுக்கான் கைமாறவில்லை.

உண்மையான கூட்டத்திலும் ஒரு ஓட்டை உண்டு. பேசத் தெரிந்தவர், நேரம் உள்ளவர், காணி உறுதி வைத்திருப்பவர் ஆகியோரின் குரலே ஊரின் குரலாகிவிடும். கோட்பாடு இதற்குத் தெளிவான வழி சொல்லவில்லை. வன்னியில் பல வயல்களுக்குச் சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார். சேற்றில் நிற்பவர் குத்தகைக்காரர். பங்கு பிரிக்கும்போது அந்த அரை ஏக்கர் யார் பெயரில் எழுதப்படுகிறது என்று கூட்டக் குறிப்பைப் புரட்டிப் பாருங்கள்.