கத்திப் பிடி உள்ளுக்குள்தான் முதலில் கெடுகிறது

காரைக்குடியில் கத்தி செய்வதும் சாணை பிடிப்பதும்தான் என் பிழைப்பு. எங்களிடம் வருகிற கத்திகளில் அலகு தேய்ந்து வருவதைவிடப் பிடி ஆடிப்போய் வருவதுதான் அதிகம். ஆனால் பிடி ஆடுவது கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், உள்ளே இருக்கும் இரும்பு ரொம்ப நாளாகவே அழுகிக்கொண்டிருக்கும்.

கல்யாணச் சமையல் செய்யும் அண்ணன் ஒருவர் ஐப்பசி மழையில் கறி வெட்டும் கத்தியோடு வந்தார். கையில் கட்டு. ஆட்டுத்தொடையை வெட்டும்போது பிடி வழுக்கி, ஆள்காட்டி விரல் அலகுக்கு ஓடிவிட்டதாம். பிடி நல்ல பர்மா தேக்கு, இங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டு மரம் வாங்கி நானே போட்டுக் கொடுத்தது, அதனால் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பிடியை நகத்தால் தட்டிப் பார்த்தேன். முன்பக்கம் 'டொக்' என்று கெட்டியாகக் கேட்டது, பின்பக்கம் பொள்ளலாகக் கேட்டது. மரமும் இரும்பும் சேரும் இடத்தில் கறுப்புக் கோடு ஓடியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் அந்தக் கோட்டிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது. உங்கள் கத்தியில் இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

ரிவெட்டைத் துளைத்து எடுத்துப் பிடியின் இரண்டு பக்கப் பலகைகளையும் பிரித்தால், உள்ளே இரும்பு முழுக்கக் குழிகுழியாகத் துரு. காரணம் தேக்கு இல்லை, தேக்கு எண்ணெய்ப் பிடிப்புள்ள மரம், தண்ணீரை நன்றாகவே தாங்கும். வேலை முடிந்ததும் பாத்திரங்களோடு குண்டானில் ஊறப் போட்டதுதான் காரணம். மரம் நீளவாக்கில் அசையாது, அகலத்தில்தான் உப்பும். குறுக்கே அறுத்த முனை வழியாகத் தண்ணீர் குடித்து உப்பும்போது ரிவெட்டை நெருக்கித் தன்னைத் தானே நசுக்கிக்கொள்கிறது, காய்ந்து சுருங்கும்போது பழைய அளவுக்குத் திரும்பாமல் ஓட்டை தளர்ந்துவிடுகிறது. நாலைந்து முகூர்த்தம் இப்படியே போனால் இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் இடைவெளி வந்துவிடும். அங்கே போன ஈரம் வெளியே வராது.

வழுக்கியதற்குக் காரணம் வேறு, அது என் தப்பு. அழகுக்காக வார்னிஷ் அடித்திருந்தேன். கொழுப்புக் கை பட்டதும் அது கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மரப் பிடிக்கு வார்னிஷ் வேண்டாம், ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தேய்த்துக் காயவிட்டால் போதும். நல்லெண்ணெய் சரியாகக் காயாது, பிசுபிசுத்து நாறும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டு வைக்காதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

"ரப்பர் பிடி போட்டுரு தம்பி" என்றார் அண்ணன். ஈரக் கைக்கு ரப்பரை மிஞ்சி ஒன்றும் இல்லைதான். மீன் கழுவி வெட்டுகிறவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன், அதுவும் கம்பெனியில் இடைவெளியே இல்லாமல் அலகோடு சேர்த்து வார்த்த பிடி. ஆனால் இவர் கத்தி கிடப்பது எண்ணெய்க்கும் கோட்டை அடுப்புக்கும் பக்கத்தில். சாதாரண ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பும், பிறகு மெத்தென்று ஒட்ட ஆரம்பிக்கும். தேய்த்துப் புதுப்பிக்கவும் முடியாது, கெட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

அவருக்கு நான் போட்டது மைக்கார்ட்டா. பருத்தித் துணியை அடுக்கடுக்காகப் பிசினில் நனைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய பலகை. 1910 வாக்கில் அமெரிக்காவில் மின்காப்புக்காகச் செய்யத் தொடங்கியது. நம்மூர் எலக்ட்ரிகல்காரர்களுக்குத் தெரிந்த ஹைலம் ஷீட்டும் இதே குடும்பம்தான். தண்ணீரில் மரம் மாதிரி உப்பாது, அதனால் ரிவெட்டோடு சண்டை இல்லை.

ஆனால் இதிலும் பாலிஷ் போட்டால் வழுக்கும். 220 நம்பர் உப்புத்தாளோடு நிறுத்திவிட்டேன். துணியின் இழை மேலே லேசாகத் தெரிய, ஈரக் கையில் காய்ந்த கையைவிட நன்றாகவே பிடிக்கும். மஞ்சளும் எண்ணெயும் பட்டு நிறம் கறுக்கும், மரத்தின் அழகு வராது, விலையும் கூட. தேய்க்கும்போது பறக்கிற தூள் நுரையீரலுக்கு ஆகாது, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகமூடியும் அவசியம்.

துருவைச் சுரண்டி, இரும்பைச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, எபாக்ஸி பசை வைத்து கிளாம்ப்பில் இறுக்கி ஒரு நாள் அப்படியே விட்டேன். கிளாம்ப்பை முழு பலத்துக்கு முறுக்கக் கூடாது, பசையெல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும். அப்புறம் பித்தளை ரிவெட், பலகை ஓரத்தில் வழிந்த பசையைத் துடைக்காமல் காயவிட்டுத் தேய்த்தேன், இடைவெளியை அடைப்பது அதுதான்.

தை முகூர்த்தம் முடிந்து சாணைக்குக் கொண்டுவந்தார். தட்டிப் பார்த்தேன், பிடி முழுக்க ஒரே மாதிரி கெட்டியாகக் கேட்டது, கசிவு இல்லை. ஆனால் அலகெல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு. "இன்னும் குண்டான்லதான் போடுறீங்களாண்ணே?" என்றேன். கழுவுகிற பையன் மேல் பழியைப் போட்டார்.