துக்கம் நகர்கிறதா, நின்றுவிட்டதா? பொது மருத்துவர்களுக்கு ஒரு குறிப்பு

பொது மருத்துவர் ஒருவர் மனநல மருத்துவரான எனக்கு அனுப்பிய பரிந்துரைக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "மனச்சோர்வு, எஸ்சிடலோபிராம் 10 மி.கி., எட்டு வாரம், பலனில்லை." கடிதத்தைக் கொண்டுவந்தவருக்கு வயது 62. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே அவரைப் பற்றி எழுதுகிறேன். மனைவி இறந்து 15 மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குள் இரத்த அழுத்தம், தலைவலி, தூக்கமின்மை என்று ஆறு முறை அந்த மருத்துவரிடம் போயிருந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரை கூடியது அல்லது மாறியது.

உறக்கம் எப்படி என்று கேட்டேன். முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வதாகச் சொன்னார். படுக்கையறைக்குள் 15 மாதங்களாக அவர் காலெடுத்து வைக்கவில்லை. மனைவி இறந்த மருத்துவமனை இருக்கும் சாலை வழியாகப் போகமாட்டார். அதற்காகத் தினமும் இருபது நிமிடம் சுற்றிப் போகிறார். ஆனால் மனைவியின் கைபேசிக்கு இரவு தவறாமல் சார்ஜ் போடுகிறார். மனைவி பயன்படுத்திய இன்சுலின் பேனாக்கள் இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வரிசையாக நிற்கின்றன.

ஒருபுறம் இழப்பை நினைவூட்டும் இடங்களிலிருந்து ஓட்டம். மறுபுறம் இறந்தவரின் பொருள்களை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்வது. இவை முரண்போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: அவள் இனி வரமாட்டாள் என்ற செய்தியை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைப்பது. இந்த இரட்டைப் போக்கைப் பார்த்தவுடன் நீடித்த துக்கக் கோளாறு என்ற எண்ணம் உங்களுக்கு வரவேண்டும்.

இதை ஏன் மனச்சோர்வு என்று சொல்லக்கூடாது? மனைவியைப் பற்றிப் பேசச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. மனைவி நகைச்சுவையாகச் சொல்வதை ஒரு முறை நடித்தே காட்டினார். மனச்சோர்வில் எதிலும் பிடிப்பு இருக்காது. நல்ல நினைவுகள்கூட நிறமிழந்துவிடும். இவருக்கோ ஆசை செத்துப்போகவில்லை, முழுவதும் ஒரே ஆளின் மேல் குவிந்துகிடந்தது. குற்ற உணர்வும் அப்படித்தான். "நான் எதற்கும் லாயக்கில்லாதவன்" என்பது மனச்சோர்வின் பேச்சு. "அன்று இரவு நான் அந்த மாத்திரையைக் கொடுத்திருக்கக் கூடாது" என்பது துக்கத்தின் பேச்சு. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம், அடிக்கடி இருக்கவும் செய்கின்றன. ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடுவதை நிறுத்திவிடுவதுதான் தவறு.

அதே மாதத்தில் இதற்கு நேர்மாறான ஒரு பரிந்துரையும் வந்தது. கணவர் இறந்து நான்கு மாதமான பெண்மணி. தினமும் அழுகிறார், அதிகாலையில் கணவர் இருமும் சத்தம் கேட்கிறது என்கிறார். மனச்சிதைவின் தொடக்கமோ என்று பயந்து அனுப்பியிருந்தார்கள். அவரோ ஒரு கதையைச் சொல்லிச் சிரித்தார், சிரிப்பின் நடுவிலேயே அழுதார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவர் மட்டுமே பார்த்துவந்த வங்கிக் கணக்கைப் போன வாரம் தானே கையாளக் கற்றுக்கொண்டதைச் சொன்னார். அவருக்கு நான் எந்த மருந்தும் எழுதவில்லை.

இருமல் சத்தத்துக்கு வருவோம். 1971இல் டெவி ரீஸ் என்ற பொது மருத்துவர், வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் பேசினார். ஏறத்தாழ பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள் அல்லது அவரைப் பார்த்திருந்தார்கள், அவர் குரலைக் கேட்டிருந்தார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதே இல்லை. இத்தனை பேரிடம் இதைக் கேட்டுப் பதிவு செய்தவர் ஒரு பொது மருத்துவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. துக்கத்தில் இருப்பவர் இப்படிச் சொன்னால், "இது நிறையப் பேருக்கு நடப்பதுதான்" என்ற ஒரு வாக்கியம் போதும். மனநோய்க்கான மருந்து வேண்டாம்.

இந்த இருவரையும் பிரித்தது அழுகையின் அளவு அல்ல. அழுததில் அந்தப் பெண்மணிதான் அதிகம். அவருடைய துக்கம் அலைபோல வந்து போனது. இரண்டு அலைகளுக்கு நடுவே வாழ்க்கை சற்று நுழைந்தது. ஸ்ட்ரோபே, ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் விவரித்தது இதைத்தான்: இயல்பான துக்கத்தில் மனம் இழப்பின் பக்கமும் புதிய வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறி ஊசலாடுகிறது. 62 வயதுக்காரரின் ஊசல் நின்றுபோயிருந்தது. மறுப்பு, கோபம் என்று தொடங்கி ஏற்பில் முடியும் ஐந்து படிகளை வைத்து இதை அளக்க முயலாதீர்கள். அவை முதலில் எழுதப்பட்டது சாவை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பற்றி. துக்கம் படிக்கட்டில் ஏறுவதில்லை.

நீடித்த துக்கக் கோளாறு என்று சொல்ல, இறப்புக்குப் பிறகு எவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டும் என்ற நாள்கணக்குக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியல் குறைந்தது ஆறு மாதம் என்கிறது. அந்தச் சமூகத்தின் பண்பாட்டு, சமய வழக்கங்கள் எதிர்பார்ப்பதைத் தெளிவாகத் தாண்டியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2022இல் வந்த அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5-டிஆர் பெரியவர்களுக்கு 12 மாதம், குழந்தைகளுக்கு ஆறு மாதம் என்கிறது. இறந்தவருக்கான ஏக்கமோ அவரைப் பற்றிய இடைவிடாத நினைப்போ கடந்த ஒரு மாதமாக ஏறக்குறைய தினமும் இருக்க வேண்டும். கூடவே, தன்னில் ஒரு பகுதி செத்துவிட்டதுபோன்ற உணர்வு, நம்பமுடியாமை, நினைவூட்டல்களைத் தவிர்த்தல், கடும் வேதனை, உணர்வு மரத்துப்போதல், வாழ்க்கைக்கு அர்த்தமில்லை என்ற எண்ணம், ஆழ்ந்த தனிமை, மற்றவர்களோடு மீண்டும் கலக்க முடியாமை ஆகிய எட்டில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையும் தடைபட்டிருக்க வேண்டும். இந்தக் காலவரையறை, அவசரப்பட்டு நோய்ப்பெயர் சூட்டாமலிருப்பதற்காக வைத்த வேலி. 12ஆம் மாதத்தின் கடைசி நாளில் எதுவும் திடீரென்று நோயாக மாறிவிடுவதில்லை. முதலாண்டு நினைவுநாளையொட்டித் துக்கம் பொங்குவது இயல்பு. அந்த வாரத்தில் பார்த்தவரைச் சில வாரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பத்து நிமிட ஆலோசனையில் இதையெல்லாம் கேட்க முடியுமா என்பீர்கள். மூன்று கேள்விகள் போதும். "அவர் போனதிலிருந்து நீங்கள் போகாத இடம், தொடாத பொருள் எது?" "அந்த நாளைப் பற்றி மனதில் திரும்பத் திரும்ப ஓடுவது எது?" "ஆறு மாதத்துக்கு முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் ஏதாவது மாறியிருக்கிறதா?" மூன்றாவது கேள்விக்கு, "இல்லை, நேற்று நடந்ததுபோல இருக்கிறது" என்று பதில் வந்தால் என் காது நிமிர்ந்துவிடும்.

நான்காவதாக ஒரு கேள்வி எப்போதும் உண்டு. "நானும் கூடவே போயிருக்கலாம்" என்பது துக்கத்தில் சாதாரணமாக வரும் பேச்சு. அதோடு விட்டுவிடாமல், "போவதற்கு வழி ஏதாவது யோசித்ததுண்டா?" என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. நீண்டநாள் நோயில் இறந்தவரின் வீட்டில் இன்சுலினோ மார்ஃபினோ தூக்கமாத்திரையோ மீதமிருக்கும் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், எழுதிக் கொடுத்தவர் பெரும்பாலும் நீங்கள்தான். அந்த 62 வயதுக்காரர் அப்படி எதுவும் திட்டமிடவில்லை. ஆனாலும் பேனாக்களை மகள் எடுத்துப்போக ஒப்புக்கொண்டார். மனைவி கையால் எழுதிய பெயர்ச்சீட்டு ஒட்டிய அட்டைப்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டார்.

மருந்து விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். தூக்கத்துக்கென்று அல்பிரசோலம் போன்றவற்றைத் தொடங்காதீர்கள்; துக்கத்தை அவை குறைப்பதில்லை, பழக்கம் மட்டும் மிஞ்சும். மனச்சோர்வு மருந்து வேலை செய்யுமா என்பதை 2016இல் வெளியான, 395 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு பார்த்தது. துக்கத்துக்கென்றே வகுத்த உளசிகிச்சையோடு சிட்டலோபிராம் சேர்த்தபோது மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன; துக்கத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே மனச்சோர்வும் இருந்தால் மருந்து கொடுங்கள், ஏக்கம் அதனால் தீரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எட்டு வாரம் கழித்து எனக்கு வந்த கடிதத்தில் "பலனில்லை" என்று இருந்ததற்கு மருந்தைக் குறை சொல்ல முடியாது.

அந்த உளசிகிச்சை பொதுவாக 16 அமர்வுகள். அதன் நடுநாயகமான பகுதி, இறப்புச் செய்தியை அறிந்த நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிகழ்காலத்தில் நடப்பதுபோலச் சொல்வது. அதைப் பதிவு செய்து வீட்டிலும் கேட்க வேண்டும். தவிர்த்துவந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போகவும் வேண்டும்.

இவர் கதை எப்போதும் ஒரே இடத்தில் நின்றுவிடும். இரவு பதினொரு மணி, மனைவிக்கு மேல்வயிற்றில் எரிச்சல், இவர் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கிறார். விடிவதற்குள் மனைவி மாரடைப்பில் இறந்துவிட்டார். நீரிழிவு உள்ள பெண்களுக்கு மாரடைப்பு பலவேளைகளில் அஜீரணம்போலத்தான் தலைகாட்டும் என்று அவருடைய மருத்துவர் சொல்லியிருக்கிறார். "உங்கள் தவறில்லை அப்பா" என்று மகள் நூறு முறை சொல்லியிருக்கிறாள். எதுவும் உள்ளே இறங்கவில்லை. யாரும் அந்த இரவை முழுதாகக் கேட்கவில்லை. மாத்திரை என்ற சொல் வந்ததும் எல்லோரும் ஆறுதல் சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

நான்காவது முறை சொன்னபோது கதை மாத்திரையைத் தாண்டியது. "ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமா என்று கேட்கிறேன். வேண்டாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போகிறாள்." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நான் கேட்டேன் டாக்டர்" என்றார். 15 மாதங்களில் இது அவருக்கு நினைவுக்கே வரவில்லை. எல்லாருக்கும் இப்படி நடக்காது. சிலருடைய கதை முழுவதும் வந்த பிறகு, உண்மையிலேயே ஒரு பிழை நடந்திருப்பது தெரியவரும். அப்போது அந்தப் பிழையோடு வாழ்வதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அது இன்னும் நீண்ட வேலை.

பதினான்காவது அமர்வுக்கு அவர் மருத்துவமனைச் சாலை வழியாகவே வந்திருந்தார். படுக்கையறையில், தன் பக்கத்துப் பாதியில் மட்டும் தூங்குகிறார். இரத்த அழுத்த மாத்திரை ஒன்றை அவருடைய மருத்துவர் குறைத்திருந்தார். கைபேசியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: போன வாரம் சார்ஜ் போட மறந்து அது அணைந்துவிட்டதாம், மறுநாள் சாயங்காலம்தான் கவனித்தாராம்.