62-உம் 78-உம் சேர்ந்தால் 70 வராது

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டுகளைத் திருத்தி முடித்த மறுநாள் ஸ்டாஃப் ரூமில் நடந்தது இது. பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம். ஏ செக்‌ஷன் சராசரி 62, பி செக்‌ஷன் சராசரி 78. தலைமை ஆசிரியருக்குப் பத்தாம் வகுப்பு முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு எண் வேண்டும். பக்கத்து நாற்காலி சார் இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, 70 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நானும் கணக்கு வாத்தியார்தான், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் ரிஜிஸ்டரைப் புரட்டியபோதுதான் உறைத்தது. ஏ செக்‌ஷனில் தேர்வு எழுதியவர்கள் 48 பேர், பி செக்‌ஷனில் வெறும் 16 பேர். (ஏ தமிழ் மீடியம், பி இங்கிலீஷ் மீடியம். கணக்கு முழு எண்ணாக வரட்டும் என்று எண்களை இங்கே கொஞ்சம் தட்டிக் கொட்டியிருக்கிறேன்.)

சராசரி என்பது என்ன? எல்லாருடைய மதிப்பெண்ணையும் ஒரே உண்டியலில் போட்டுத் தலைக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்பதுதான். அப்படிப் பிரித்த பிறகு உண்டியலில் மொத்தம் எவ்வளவு இருந்தது என்பது கண்ணில் படாமல் போய்விடுகிறது. 62 என்ற எண்ணை எத்தனை முறை பார்த்தாலும் அதற்குப் பின்னால் இருப்பது 5 பேரா 500 பேரா என்று தெரியாது. அதனால் இரண்டு செக்‌ஷனைச் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் உண்டியலைத் திரும்ப நிரப்ப வேண்டும், அதாவது சராசரியைத் தலைகளால் பெருக்க வேண்டும்.

ஏ: 62 × 48 = 2976. பி: 78 × 16 = 1248. இரண்டும் சேர்ந்து 4224. தலைகள் 64. வகுத்தால் 66.

அப்படியானால் சார் எழுதிய 70 எங்கிருந்து வந்தது? அது செக்‌ஷனுக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கு. ஏ செக்‌ஷன் பையன் ஒருவன் ஒரு மார்க் கூடுதலாக வாங்கினால் அவன் செக்‌ஷன் சராசரி 1/48 ஏறும், இரண்டால் வகுத்தபின் அது 1/96 ஆகிவிடும். பி செக்‌ஷன் பெண் ஒருத்தி அதே ஒரு மார்க்கைக் கூடுதலாக வாங்கினால் 1/32 ஏறும். ஆக, 70 என்ற விடைக்குள் ஒரு பி மாணவியின் மார்க்குக்கு ஏ மாணவனுடையதைப் போல மூன்று மடங்கு மதிப்பு. 66-இல் எல்லாருக்கும் ஒரே மதிப்பு, ஆளுக்கு 1/64.

பெருக்கல் வகுத்தல் இல்லாமல் மனதிலேயே போடவும் ஒரு வழி இருக்கிறது. இரண்டு சராசரிக்கும் இடைவெளி 16. மொத்த மாணவரில் பி செக்‌ஷனின் பங்கு 64-இல் 16, அதாவது கால் பங்கு. 16-இல் கால் பங்கு 4, அதை 62-உடன் சேர்த்தால் 66. ஏன் இது சரியாக வருகிறது என்றால், பி-யில் இருப்பவர்கள் ஆளுக்கு 12 மார்க்கை விட்டுக்கொடுத்து 66-க்கு இறங்குகிறார்கள், 16 × 12 = 192. அந்த 192-ஐ ஏ-யில் இருக்கும் 48 பேரும் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு 4 கிடைத்து, அவர்களும் 66-க்கு ஏறிவிடுகிறார்கள். சின்னப் பிள்ளையும் அப்பாவும் ஏற்றப்பலகையில் உட்காரும்போது அப்பா நடுவுக்கு நெருங்கி உட்காருவார் இல்லையா, அதேதான். கூட்டம் அதிகமுள்ள செக்‌ஷன் மொத்தச் சராசரிக்குப் பக்கத்தில் இருக்கும். விடை வந்ததும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இரண்டுக்கும் நட்டநடுவில் ஒரு விடை வந்து, தலை எண்ணிக்கையும் வேறுவேறாக இருந்தால், யாரோ இரண்டால் வகுத்திருக்கிறார்கள்.

எக்செல்லிலும் இதே தப்பு வசதியாக நடக்கும். `=AVERAGE(B2:B3)` என்று அடித்தால் 70-தான் வரும், பாவம் அதற்குப் பக்கத்துப் பத்தியில் தலை எண்ணிக்கை இருப்பது தெரியாது. B-யில் சராசரியும் C-யில் எண்ணிக்கையும் இருந்தால் அடிக்க வேண்டியது இது:

```
=SUMPRODUCT(B2:B3,C2:C3)/SUM(C2:C3)
```

சரி, எண்ணிக்கை என்றால் எந்த எண்ணிக்கை? இங்கேதான் விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். ஏ செக்‌ஷன் வருகைப் பதிவேட்டில் 52 பெயர், தேர்வன்று நான்கு பேர் ஆப்சென்ட். 62 என்பது எழுதிய 48 பேரின் சராசரி. அதைப் பதிவேட்டில் இருக்கிறதே என்று 52-ஆல் பெருக்கினால், வராத நான்கு பேருக்கும் நாமே ஆளுக்கு 62 மார்க் போட்டுக் கொடுத்ததாகிவிடும். எந்த எண்ணால் வகுத்துச் சராசரி வந்ததோ அதே எண்ணால்தான் திரும்பப் பெருக்க வேண்டும். இன்னொரு கூத்தும் உண்டு. ஆப்சென்ட் ஆனவருக்கு மார்க் கட்டத்தில் `AB` என்று அடித்தால் எக்செல்லின் AVERAGE அதைக் கண்டுகொள்ளாது, 62 வரும். அதே கட்டத்தில் 0 என்று அடித்துவிட்டால் அந்த நான்கு பேரும் கணக்குக்குள் வந்து, 2976-ஐ 52-ஆல் வகுத்து 57.23 காட்டும். ஒரு செக்‌ஷன் டீச்சர் AB போட்டு, இன்னொருவர் 0 போட்டிருந்தால் நீங்கள் எவ்வளவு ஒழுங்காகப் பெருக்கிக் கூட்டினாலும் விடை எதற்கும் உதவாது. அதனால் இப்போதெல்லாம் நான் யாரிடமும் சராசரியைக் கேட்பதில்லை, மொத்த மார்க்கையும் எழுதியவர் எண்ணிக்கையையும்தான் கேட்கிறேன்.

தேர்ச்சி சதவீதத்துக்கும் இதே வைத்தியம் செல்லும். இடைநிலை அளவுக்குச் செல்லாது. மார்க்குகளை வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுப்பதுதானே அது, இரண்டு செக்‌ஷனின் இடைநிலை அளவும் தலை எண்ணிக்கையும் கையில் இருந்தாலும் மொத்தத்தின் இடைநிலையைக் கண்டுபிடிக்க முடியாது. விடைத்தாள் கட்டைத்தான் மறுபடி பிரிக்க வேண்டும்.

இனி எனக்குப் பிடித்த விஷயம். காலாண்டு விடுமுறைக்குப் பிறகு எட்டுப் பேர் பி-யிலிருந்து ஏ-க்கு மாறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டுப் பேரின் சராசரி 69, மொத்தம் 552. பழைய மார்க்கையே புதிய செக்‌ஷன்படி பிரித்து எழுதுகிறோம். ஏ-யில் இப்போது 56 பேர், 2976 + 552 = 3528, சராசரி 63. பி-யில் மிச்சம் 8 பேர், 1248 − 552 = 696, சராசரி 87. முன்பு 62-உம் 78-உம், இப்போது 63-உம் 87-உம். ஒருவரும் ஒரு மார்க்கும் கூடுதலாக வாங்கவில்லை, இரண்டு செக்‌ஷனும் முன்னேறிவிட்டன! மாறியவர்கள் பி-யின் சராசரிக்குக் கீழே, ஏ-யின் சராசரிக்கு மேலே இருந்தவர்கள், அவ்வளவுதான் ரகசியம்.

இது வெறும் பள்ளிக்கூட விளையாட்டு இல்லை. 1985-இல் ஆல்வன் ஃபைன்ஸ்டைன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் நுரையீரல் புற்றுநோயில் இதைக் காட்டினார்கள். புதிய ஸ்கேன்கள் வந்ததும் முன்பு கண்ணுக்குத் தப்பிய பரவல்கள் தெரிய ஆரம்பித்து, ஆரம்ப நிலை என்று எழுதப்பட்டிருக்கக்கூடிய சிலர் முற்றிய நிலைக்கு மாற்றி எழுதப்பட்டார்கள். சிகிச்சையில் மாற்றமே இல்லாவிட்டாலும் இப்படி மாற்றி எழுதுவதாலேயே இரண்டு நிலைகளிலும் பிழைத்தவர் விகிதம் ஏறியதுபோலத் தெரியும்.

நம் 64 பேரை மறுபடி ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள். 3528 + 696, அதே 4224. சராசரி அதே 66.