கண் மஞ்சளானால், கீழாநெல்லிக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

சில வாரங்களுக்கு முன் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரை அவருடைய மகன் அழைத்து வந்தார். வயது 58. கண், தோல், நாக்கின் அடிப்பகுதி எல்லாம் ஆழ்ந்த மஞ்சள். கை கால் முழுக்க நகக் கீறல்கள். ஆறு வாரமாகக் கீழாநெல்லி, உப்பில்லா மோர்ச்சோறு, எண்ணெய் அறவே இல்லை. நடுவில் ஒரு ஊருக்குப் போய்க் கையில் சூடும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். "காய்ச்சல் இல்லை, வலி இல்லை, அதனால சாதாரணக் காமாலைதான்னு நெனச்சோம் சார்" என்றார் மகன்.

காய்ச்சலும் இல்லாமல் வலியும் இல்லாமல் ஐம்பதைத் தாண்டியவருக்கு வரும் காமாலைதான் எங்களுக்கு அதிகம் பயம் தருவது. வெளியே இதை நேர் எதிராகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். இதே கதையுடன் வருகிறவர்கள் குறைவதாகத் தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய ரத்த அணுக்கள் உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதை வாங்கி, நீரில் கரையும்படி மாற்றி, பித்தக்குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் அது சுமார் 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். இரண்டரை, மூன்றைத் தாண்டும்போது கண்ணில் மஞ்சள் தெரிகிறது. ஆக, கோளாறு மூன்று இடத்தில் இருக்கலாம்: கல்லீரலுக்கு முன்னால், கல்லீரலுக்குள்ளே, கல்லீரலைத் தாண்டிய குழாயில். கண்ணைப் பார்த்து இடத்தைச் சொல்ல முடியாது. மூன்றிலும் கண் ஒரே மாதிரிதான் மஞ்சளாகும்.

ஆனால் சிறுநீரும் மலமும் நிறையச் சொல்லும். இதை வீட்டிலேயே பார்க்கலாம்.

கல்லீரலுக்கு முன்னால் கோளாறு என்றால், பெரும்பாலும் ரத்த அணுக்கள் அளவுக்கு மீறி உடைகின்றன என்று பொருள். கண் லேசாக மஞ்சளாக இருக்கும், ஆள் வெளுத்திருப்பார், மூச்சு வாங்கும். கல்லீரல் மாற்றாத பிலிரூபின் சிறுநீரில் இறங்காது என்பதால் சிறுநீர் பெரும்பாலும் வழக்கமான நிறத்தில் இருக்கும், மலத்தின் நிறமும் வெளிறாது. பிலிரூபின் பொதுவாக 5-க்குள் நின்றுவிடும். விரதம் இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் கண் லேசாக மஞ்சளாகி, மற்ற எல்லாப் பரிசோதனையும் சரியாக இருப்பவர்களும் உண்டு. கில்பர்ட் என்ற பிறவித் தன்மை அது. அதற்கு மருந்தே வேண்டாம்.

கல்லீரலுக்குள்ளே என்றால் நாம் அதிகம் பார்ப்பது ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸ்கள். குடிநீரில் வருபவை. முதலில் காய்ச்சல், குமட்டல், சோற்றைப் பார்த்தாலே வெறுப்பு. அப்புறம் சிறுநீர் அடர் மஞ்சளாகி, கண் மஞ்சளாகும். கல்லீரல் செல்கள் சிதைவதைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற அளவு பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு இது சில வாரங்களில் தானாகவே ஆறிவிடுகிறது. நாங்களும் பெரிதாக மருந்து கொடுப்பதில்லை, ஏனென்றால் தேவையில்லை.

கீழாநெல்லிக்குப் பெயர் வந்தது இங்கேதான். தானாக ஆறும் நோயில் எதைக் குடித்தாலும் அது வேலை செய்த மாதிரிதான் தெரியும். மந்திரித்தவரும் குணப்படுத்தியவர் ஆகிறார், சூடு போட்டவரும் ஆகிறார். குணமானவர் பத்துப் பேரிடம் சொல்கிறார். அந்தப் பத்தில் ஒருவருக்குப் பித்தக்குழாய் அடைத்திருந்தால், அவரும் அதே இலையை அரைத்துக் குடித்துக்கொண்டு காத்திருக்கிறார். இலையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எந்த இடத்துக் கோளாறு என்று தெரியாமல் வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் ஆளைக் கெடுக்கிறது. "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களே, அடைத்த குழாய்க்கு மருத்துவம் உண்டு. நேரத்துக்கு வந்தால் கல்லை எடுத்துவிடலாம், கட்டியை அறுத்து எடுக்கவும் வாய்ப்பிருக்கும்.

குழாய் அடைப்பின் அடையாளங்கள்: சிறுநீர் கட்டன்காபி நிறத்தில் போகும். மலம் களிமண் போல வெளிறிவிடும், ஏனென்றால் அதற்கு நிறம் தரும் பித்தம் குடலுக்கு வருவதே இல்லை. தோல் பிடுங்குகிற மாதிரி அரிக்கும், இரவில் தூக்கம் போகும். பித்தப்பைக் கல் நழுவி அடைத்தால் பெரும்பாலும் வலது மேல் வயிற்றில் வலி இருக்கும். கணையத்தின் தலைப்பகுதியில் வரும் கட்டி பல நேரம் வலியே இல்லாமல் அடைக்கும். எடை குறையும், சிலருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்திருக்கும்.

நம் கடைக்காரரிடம் மலத்தின் நிறத்தைக் கேட்டேன். வெளிறித்தான் போகிறது, மூன்று வாரமாக என்றார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிலிரூபின் 19, அதில் 15 கல்லீரல் ஏற்கெனவே மாற்றி முடித்த வகை. எஸ்.ஜி.பி.டி. வெறும் 90. பித்தக்குழாய் அடைத்தால் ஏறும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற அளவு 640. கல்லீரல் செல்கள் பெரிதாகச் சாகவில்லை, வெளியேறும் வழிதான் மூடியிருக்கிறது. ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, 2.1 இருந்தது. பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடலில் சேராது. மூன்று நாள் ஊசி போட்டதும் 1.2-க்கு இறங்கியது. (இளம் மருத்துவர்களுக்கு: ஊசிக்கு இறங்கினால் கல்லீரல் வேலை செய்கிறது என்று ஓரளவு நம்பலாம். இறங்காவிட்டால் கல்லீரலே தளர்கிறதா என்று கவலைப்படுங்கள்.)

வயிற்று ஸ்கேனில் பொதுப் பித்தக்குழாய் 14 மில்லிமீட்டர் விரிந்திருந்தது. 6 வரைதான் இருக்க வேண்டும். பித்தப்பையும் உப்பியிருந்தது. சி.டி. ஸ்கேனில் கணையத் தலையில் கட்டி, பக்கத்து ரத்தக்குழாயைத் தொட்டுக்கொண்டு. எண்டோஸ்கோப்பி வழியாகச் சதை எடுத்து, புற்றுநோய் என்று உறுதியானதும் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு வாரத்தில் அரிப்பு நின்றுவிட்டது. இப்போது முதலில் கீமோதெரபி, பிறகு அறுவை செய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். ஆறு வாரம் முன்பே வந்திருந்தால் நேராக அறுவைக்குப் போயிருக்கலாமா என்று மகன் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது. வாய்ப்பு கூடுதலாக இருந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

தயவுசெய்து கண் மஞ்சளான அந்த வாரமே கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் ரத்த எண்ணிக்கையும் ஐ.என்.ஆரும் செய்துவிடுங்கள். மலம் வெளிறினால், அரித்தால், அல்லது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் வயிற்று ஸ்கேனும் உடனே வேண்டும். ஸ்கேனில் கல் தெரியவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிடாதீர்கள். குழாயின் கீழ்ப்பகுதியைக் குடல்காற்று மறைத்துவிடும். குழாய் விரிந்திருந்தால் எம்.ஆர். ஸ்கேன் வரை போய்க் காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

மஞ்சளோடு குளிர்நடுக்கக் காய்ச்சல் வந்தால் அடைத்த பித்தத்தில் கிருமி சேர்ந்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இரவென்றாலும் மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளானவர் குழப்பமாகப் பேசினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ அதுவும் அப்படியே. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். இ வைரஸ் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உயிரையே பறிக்கக்கூடும். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கண் மஞ்சளானால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், மாத்திரையை நிறுத்துவதை அவர்தான் முடிவு செய்வார்.

பட்டினி போடாதீர்கள். இட்லி, சோறு, பருப்பு, வாய்க்குப் பிடித்தால் முட்டையும் கொடுங்கள். சாராயம் கூடவே கூடாது. வரும்போது சாப்பிட்ட மாத்திரை, பொடி, லேகியம் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நான் திட்ட மாட்டேன். சில பொடிகளே கல்லீரலைக் கெடுக்கின்றன, அதனால் உள்ளே என்ன போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.