முயல் இரண்டு தடவை சாப்பிடும்

சத்தமில்லாத நேரத்தில் முயல் கூண்டை எட்டிப் பார்த்தால் ஒரு காட்சி கிடைக்கும். முயல் தலையைக் குனிந்து, தன் பின்பக்கத்தில் வாயை வைத்து எதையோ மெல்லாமல் விழுங்கும். முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது, நோய் என்றுகூட நினைத்தேன். கறிக்கு முயல் வளர்ப்பதில் தீனி, கூண்டு, நோய் எல்லாமே இந்தக் காட்சியில்தான் போய் முடிகின்றன என்பது பிறகுதான் புரிந்தது.

முயலுக்கு மாட்டைப் போல நாலு அறை வயிறு கிடையாது. ஒரே இரைப்பை, அதன் பிறகு சிறுகுடல், அதன் முடிவில் பெரிய பை போன்ற பெருங்குடல்வாய். இந்தப் பைக்குள் வாழும் நுண்ணுயிர்கள்தான் இலையையும் புல்லையும் நொதிக்க வைக்கின்றன. பைக்கு அடுத்து வரும் குடல், கெட்டியான நாரைத் தனியாகப் பிரித்து வெளியே தள்ளும். நாம் பார்க்கும் உருண்டைப் புழுக்கை அதுதான். நுண்மையான பகுதி திரும்பப் பைக்குள் போய் நொதித்து, திராட்சைக் கொத்து போன்ற மெத்தென்ற உருண்டைகளாக வெளியே வரும். அதில் புரதமும் பி வைட்டமின்களும் இருக்கும். அதைத்தான் முயல் நேராக வாயில் எடுத்து மறுபடியும் சாப்பிடுகிறது.

இந்த ஏற்பாடு ஓட வேண்டுமானால் நார் வேண்டும். நார் குறைந்தால் குடல் அசைவு மந்தமாகும். சோளமும் அரிசியும் அதிகமானால் மாவுச்சத்து செரிக்காமல் பைக்குள் போய்ச் சேரும். அங்கே நல்ல நுண்ணுயிர்கள் ஒடுங்கி, நஞ்சு சுரப்பவை பெருகும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, ஒரே நாளில் செத்துப் போகும்.

அதனால் தீனியில் பாதிக்கு மேல் பசுந்தழையும் காய்ந்த புல்லும் இருப்பது நல்லது. நம் ஊரில் வேலிமசால், குதிரைமசால், பேருக்கேற்ற முயல்மசால், கல்யாண முருங்கை, அகத்தி எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். காலையில் அறுத்ததைச் சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுத்தால் வயிறு உப்பாது. சுபாபுல் தழையை மட்டும் கொஞ்சமாக நிறுத்திக்கொள்ளுங்கள், அதிகம் தின்றால் முடி கொட்டும். நாலு கிலோ எடையுள்ள தாய் முயலுக்குத் தழையோடு நாளுக்கு நூறு முதல் நூற்றைம்பது கிராம் அடர்தீனி போதும். மக்காச்சோளம், கோதுமைத் தவிடு, கடலைப் பிண்ணாக்கு கலந்தால் சரி. ஆனால் பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு முயலின் கல்லீரலைக் கெடுத்துவிடும். வாசனையில் சந்தேகம் வந்தாலே கொட்டிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் கறி முயல் என்றால் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்றவைதான். கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இவற்றை வளர்க்கிறது. காட்டு முயல் வேறு இனம். அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், கூண்டு முயலோடு அது சேரவும் சேராது.

எங்கள் வீட்டு வெள்ளை ஜெயண்ட் ஒன்றின் ஒரு சுற்றைச் சொல்கிறேன். ஜனவரி 20 அன்று அதை ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டு போனோம். ஆணைப் பெண்ணின் கூண்டில் விடக் கூடாது, தன் இடத்துக்கு வந்தவனை அது கடித்துத் துரத்தும். பெண் முயலுக்கு மாட்டைப் போல் பருவச் சுழற்சி இல்லை. சேர்க்கை நடந்த பிறகே, சுமார் பத்து மணி நேரம் கழித்து, கருமுட்டை வெளிவரும். பெண்ணின் பிறப்புறுப்பு சிவந்து ஈரமாக இருந்தால் சேரத் தயார், வெளிறி இருந்தால் காத்திருக்க வேண்டும். சேர்ந்ததும் ஆண் பக்கவாட்டில் சாய்ந்து விழும். அதுதான் அடையாளம்.

பதின்மூன்றாம் நாள், பிப்ரவரி 2, அடிவயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்தபோது நாவற்பழம் அளவில் உருண்டைகள் தட்டுப்பட்டன. அழுத்திப் பிடித்தால் கரு கலையும், பழக்கமில்லாதவர்கள் விட்டுவிடலாம். பிப்ரவரி 16 அன்று மரப்பெட்டியில் காய்ந்த புல் போட்டு உள்ளே வைத்தோம். ஈனுவதற்கு முன் அது தன் வயிற்று முடியைப் பிடுங்கி மெத்தை போட்டது. பிப்ரவரி 20, முப்பத்தொன்றாம் நாள், ஏழு குட்டிகள்.

இந்த இடத்தில்தான் புதிதாக வளர்ப்பவர்கள் பயப்படுவார்கள். தாய் குட்டிகளின் பக்கமே போகாது. நாளுக்கு ஒரு முறை, மூன்று நாலு நிமிடம் பால் கொடுத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொள்ளும். அது இயல்புதான். முயல் பாலில் கொழுப்பு பசும்பாலைப் போல சுமார் மூன்று மடங்கு, ஒரு வேளையே போதும். காலையில் பெட்டியைத் திறந்து வயிறு பாருங்கள். தோலுக்கு அடியில் வெள்ளையாகப் பால் தெரிந்தால் குடித்திருக்கிறது. தோல் சுருங்கி வயிறு ஒட்டியிருந்தால் குடிக்கவில்லை. பெட்டிக்கு வெளியே சில்லிட்டுக் கிடக்கும் குட்டியை உள்ளங்கைச் சூட்டில் வைத்து, கதகதப்பானதும் பெட்டியில் சேர்த்தால் பெரும்பாலும் பிழைக்கும்.

பத்து நாளில் கண் திறந்தது, மூன்றாம் வாரத்தில் பெட்டியை விட்டு வெளியே வந்தன. மார்ச் 27 அன்று, முப்பத்தைந்தாம் நாள், பிரித்தோம். அன்றைக்கே வேறு கடையில் வாங்கிய தீனியைத் தட்டு நிறையப் போட்டேன். அது என் தப்பு. மூன்று நாளில் இரண்டு குட்டிகள் கழிச்சலில் போயின. பால் நிற்கும் வாரம் குடல் பழகிக்கொண்டிருக்கும் காலம். அப்போது தீனியை மாற்றவே கூடாது, மாற்றினாலும் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். அப்புறம், நமக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். வாய்வழி போகும் அந்த மருந்து குடல் நுண்ணுயிர்களையே அழித்து, முயலைக் கொன்றுவிடும். கழிச்சல் கண்டால் அடர்தீனியை நிறுத்தி, காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்று முதல் மூன்று மாதக் குட்டிகளில் கழிச்சலுக்கு இன்னொரு காரணம், காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி. தன் கழிவையே தின்னும் பிராணிக்கு இது ஓயாமல் தொற்ற வேண்டாமா என்று கேட்கலாம். வெளியே வந்த ஒட்டுண்ணி முட்டை தொற்றும் நிலைக்கு வர ஈரத்தில் ஒன்றிரண்டு நாளாவது கிடக்க வேண்டும். முயல் நேராக எடுத்துத் தின்பதால் அதற்கு நேரமில்லை. தரையில் கிடந்து பழைய புழுக்கை ஒட்டிய தழையைத் தின்றால்தான் ஆபத்து. கம்பி வலைத் தளம் வைப்பதே இதற்காகத்தான். புழுக்கை கீழே விழுந்துவிடும். தழையைத் தரையில் போடாமல் மேலே தொங்கவிடுங்கள். அதே கம்பியால் பின்னங்கால் அடியில் முடி உதிர்ந்து புண் வரலாம், ஒரு மூலையில் பலகைத் துண்டு வைத்தால் நிற்கும். காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு படிந்து, தலையை உதறிக்கொண்டே இருந்தால் காதுச் சொறி. அது பூச்சியால் வருவது, மருத்துவர் போடும் ஊசியில் தீரும். ஊசி போட்டபின் எத்தனை நாள் கறிக்கு அறுக்கக் கூடாது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முயலுக்கு வியர்க்காது, சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் தள்ளும். கத்திரி வெயிலில் வாடிய ஆண் முயலின் விந்து கெட்டுப் போகும், அது மறுபடி தேற இரண்டு மாதம்கூட ஆகும். ஜூனில் சேர்த்த எங்கள் பெண் முயல்கள் ஒன்றும் சினையாகவில்லை. குறை பெண்ணிடம் இல்லை. இப்போதெல்லாம் ஏப்ரலோடு நிறுத்தி, ஆகஸ்டில்தான் மறுபடி சேர்க்கிறோம்.

மீதி ஐந்து குட்டிகளும் மே 21 வாக்கில், மூன்று மாதத்தில், இரண்டு கிலோவை நெருங்கின. அறுத்தால் பாதி எடை கறி வரும். அறுக்கும்போது கல்லீரலைக் கையில் எடுத்துப் பாருங்கள். வழவழவென்று கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் ஈரல் காக்சிடியா. அந்த ஈரலைப் புதைத்துவிட்டு, அடுத்த குட்டிகளை விடுமுன் கூண்டை கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவையுங்கள். பினாயிலுக்கு அந்த முட்டைகள் சாகாது.