ஸ்வேட், நுபக், பேட்டன்ட், ஃபோ: நான்கு தோல்களும் அவற்றின் தமிழ்ப் பெயர்களும்

சில வருடங்களுக்கு முன் அண்ணன் கல்யாணத்துக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். மணல் நிறம், தொட்டால் பூனைக்குட்டியின் காது போல இருக்கும். "ஒரிஜினல் ஸ்வீட் லெதர் சார்" என்றார் கடைக்காரர். மிட்டாய்க்கடைப் பெயர் போல இருக்கிறதே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பிறகு சொல்லைத் துருவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உச்சரிப்பில் தவறினாலும் சொல்லின் பூர்வீகத்தை அவர் சரியாகவே பிடித்திருக்கிறார். சுவீடன்காரரை ஆங்கிலத்தில் ஸ்வீட் என்றுதான் சொல்வார்கள்.

ஸ்வேட் என்பது பிரெஞ்சில் சுவீடன் நாட்டின் பெயர். சுவீடனிலிருந்து வந்த மென்மையான கையுறைகளைப் பிரெஞ்சுக்காரர்கள் 'சுவீடன் கையுறை' என்றார்கள். ஆங்கிலேயர்கள் நாட்டின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே தோலின் பெயராக்கினார்கள். ஆக, தோல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் சொல் இது. எப்படிப்பட்ட தோல் என்பதைச் சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ளத் தோலின் இரண்டு பக்கங்களைப் பார்க்க வேண்டும். விலங்கின் ரோமம் இருந்தது மேற்புறம், சதையோடு ஒட்டியிருந்தது அடிப்புறம். மேற்புறத்தில் நார்கள் மிக நுண்ணியவை, நெருக்கமானவை. ரோமம் உதிர்ந்த துளைகளும் அங்கேதான் இருக்கும். கீழே போகப்போக நார்கள் தடித்துத் தளர்ந்திருக்கும். மாட்டுத்தோல் ஷூவுக்கு ஆகாத அளவு கனமாக இருப்பதால், அதைப் படுக்கைவாட்டில் இரண்டாக அறுப்பார்கள். மேல் ஏடு உயர்ந்த விலைக்குப் போகும். கீழ் ஏட்டை உப்புத்தாளால் தேய்த்து நார்களை எழுப்பினால் ஸ்வேட். ஆட்டுத்தோல் மெல்லியது, அறுக்கத் தேவையில்லை. அதன் அடிப்புறத்தை அப்படியே தேய்த்தாலும் ஸ்வேட்தான்.

நுபக் இதற்கு நேர்மாறு. அதில் தேய்க்கப்படுவது மேற்புறம். நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத்தான் தேய்ப்பார்கள், நுனிநார் மட்டும் எழும்பும் அளவுக்கு. பெயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வணிகச் சொல். 'பக்' என்றால் ஆண் மான். மேலேட்டைச் சுரண்டி எடுத்த மான்தோலுக்கு முன்பே நல்ல மதிப்பு இருந்தது. மாட்டுத்தோலில் அந்தத் தோற்றத்தைக் கொண்டுவந்து 'புது மான்தோல்' என்ற பொருளில் பெயர் வைத்ததாகவே கருதப்படுகிறது. நுபக்கில் மானும் கிடையாது, இப்போது புதுமையும் கிடையாது.

என் ஷூ கதைக்கு வருகிறேன். கல்யாணப் பந்தியில் அதன் மேல் சாம்பார் சிந்தியது. ஸ்வேட்தானே என்று கம்பி பிரஷ் வாங்கி, காய்ந்த கறையை அழுத்தித் தேய்த்தேன். கறை போனது. கூடவே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மெத்தென்ற தன்மையும் போய், அந்த இடம் மட்டும் சொரசொரவென்று நார் நாராக நின்றது. அப்புறம் ஷூவின் நாக்கைப் புரட்டிப் பார்த்தேன். அங்கே உள்துணி இல்லை, தோலின் பின்புறம் தெரிந்தது. அது முரட்டு நார், முன்புறம் நைஸான தூசு போன்ற மென்மை. பூதக்கண்ணாடி வைத்தால் முன்புறத்தில் ஊசிமுனைத் துளைகள் வரிசை வரிசையாக இருந்தன. ரோமத் துளைகள்! கடைக்காரர் விற்றது நுபக். மெல்லிய மேலேட்டை நானே கம்பியால் உரித்து, உள்ளே இருந்த முரட்டு நாரை வெளியே கொண்டுவந்திருந்தேன். ரப்பர் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்திருந்தால் போதும்.

எனவே அடையாளம் இதுதான். விரலால் இழுத்தால் இரண்டிலும் கோடு விழும், அதை நம்பாதீர்கள். முன்புறத்தில் ரோமத் துளை தெரிந்து, நார் மிகக் குட்டையாக இருந்தால் நுபக். துளையே இல்லாமல் நார் நீளமாகவும் கலைந்தும் இருந்தால் ஸ்வேட். பின்புறம் வழுவழுப்பாக இருந்தால் அறுக்காத ஆட்டுத்தோல் ஸ்வேட். இரண்டு பக்கமும் நார் என்றால் பெரும்பாலும் அறுத்தெடுத்த கீழ் ஏடு.

தமிழில் என்ன சொல்வது? சிலர் 'மென்தோல்' என்று எழுதுகிறார்கள். மெத்தென்று இருக்கும் தோலெல்லாம் அதில் அடங்கிவிடும். நம் மொழியில் சுணை என்றொரு சொல் இருக்கிறது. இலையிலும் நெல்லிலும் மூங்கிலிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் பூமயிர். நெல் சுணை உடம்பில் பட்டால் அரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் எழும்பி நிற்கும் நுண்நாருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஸ்வேட்டை 'அடிச்சுணைத் தோல்' என்றும், நுபக்கை 'மேற்சுணைத் தோல்' என்றும் சொல்லலாம். எந்தப் பக்கத்தைத் தேய்த்தார்கள் என்பது பெயரிலேயே வந்துவிடும். என் ஷூ தப்பித்திருக்கும்.

பேட்டன்ட் லெதரில்தான் மொழிபெயர்ப்பு வழுக்கி விழுகிறது. 'காப்புரிமைத் தோல்' என்று எழுதினால், யாரோ உரிமை வாங்கி வைத்திருக்கும் தோல் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். சொல்லின் வேர் அதுதான், மறுக்கவில்லை. தோலுக்கு வார்னிஷ் ஏற்றும் முறைகளுக்கு இங்கிலாந்தில் ஒரு காலத்தில் காப்புரிமை பெற்றார்கள், அந்தப் பெயர் பொருளில் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், 1819 வாக்கில் அமெரிக்காவின் நியூவார்க்கில் இதைப் பெரும் தொழிலாக்கிய சேத் பாய்டன் தன் முறைக்குக் காப்புரிமையே வாங்கவில்லை. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை அடுக்கடுக்காகப் பூசி உலர்த்துவதுதான் அந்தக் கால வழி. இப்போது பாலியூரித்தேன் போன்ற பிசின்கள் வந்துவிட்டன. முகம் தெரியும் பளபளப்பு அந்தப் பூச்சுடையது, தோலுடையது அல்ல. அதனால்தான் மடிப்பில் விரிசல் விட்டால் பாலிஷ் போட்டு மூட முடியாது. பூச்சு மொத்தத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பியக் காலணி விதி. வார்னிஷுக்கு மெருகெண்ணெய் என்று பழைய தமிழ்ச் சொல்லே உண்டு. அந்த வழியில் 'மெருகுப்பூச்சுத் தோல்' என்பேன்.

கடைசியாக ஃபோ லெதர். எழுத்தைப் பார்த்து 'ஃபாக்ஸ்' என்று படித்து, நரித்தோலா என்று கேட்டவர்கள் உண்டு. பிரெஞ்சில் ஃபோ என்றால் பொய். துணியின் மேல் பிவிசி அல்லது பாலியூரித்தேன் ஏற்றியது. மேலே துளையும் சுருக்கமும் அச்சில் அழுத்தியவை, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். ஆனால் மேற்புறம் தேய்த்துப் பூச்சிட்ட உண்மையான தோலிலும் இப்படி அச்சு அழுத்துவதுண்டு, அதனால் அது மட்டும் சாட்சி ஆகாது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோல் என்றால் நார்ப்பின்னல், போலி என்றால் கீழே துணி இழை.

இதற்கு நம் ஊரில் புதுப்பெயர் தேட வேண்டியதே இல்லை. ரெக்சின் என்ற பிரிட்டிஷ் நிறுவனப் பெயர், பஸ் சீட்டிலும் ஸ்கூட்டர் சீட்டிலும் ஏறி உட்கார்ந்து நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. அந்நிறுவனம் துணியின் மேல் ஏற்றியது நைட்ரோசெல்லுலோஸ். இன்றைய சரக்கு வேறு, பெயர் மட்டும் அதே. எழுதும்போது 'போலித்தோல்' போதும். 'செயற்கைத் தோல்' என்பதைத் தீக்காயத்துக்கு மருத்துவர்கள் வைக்கும் தோலுக்கே விட்டுவிடலாம். பாலியூரித்தேன் வகை ஈரக்காற்றில் மெல்லச் சிதையும். என் வீட்டு அலமாரியில் உறை கூடப் பிரிக்காமல் நான்கு வருடம் இருந்த கைப்பையைப் போன மாதம் எடுத்தேன். கருப்புச் செதில்கள் உள்ளங்கை முழுக்க ஒட்டிக்கொண்டன, பை வெள்ளைத் துணியாக நின்றது.