முன்பணம் கட்டும் முன் கம்பெனிக்கு ஒரு கடிதம்

ஒரு கம்பெனியின் பெயரில் நடத்தும் ஃபிரான்சைஸ் கடை எடுக்க நினைக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது என்பதுதான். அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாட்களுக்கு முன்பே கட்டணம், வழக்குகள், மூடிய கடைகள் எல்லாவற்றையும் கம்பெனி எழுதிக் கொடுத்தாக வேண்டும். இங்கே இருப்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருப்பது மட்டுமே பொதுவாக மோசடி ஆகாது என்று அதன் 17-ஆம் பிரிவு சொல்கிறது. நாம் எழுதிக் கேட்டு, அதற்குத் தவறான பதில் வந்தால் நம் நிலைமையே வேறு. அதனால்தான் பாளையங்கோட்டையில் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம், முன்பணத்துக்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் வந்தார். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். டீக்கடை ஃபிரான்சைஸ் ஒன்றுக்கு 50,000 ரூபாய் "புக்கிங்" கட்டும் அவசரத்தில் இருந்தார். "சார், இவ்வளவு கேள்வி கேட்டா வேற ஆளுக்குக் கொடுத்திருவாங்களே?" என்றார். "கேள்வி கேட்டதுக்கே கொடுக்காத கம்பெனி, நாளைக்குக் கடையில சரக்கு நின்னா போனை எடுக்குமா அண்ணாச்சி?" என்றேன். சரி என்று எழுதினார்.

கம்பெனி கொடுத்திருந்த கணக்கு இது. தினம் 8,000 ரூபாய் விற்பனை, மாதம் 2,40,000. சரக்குக்கு 35 சதவீதம், அதாவது 84,000. விற்பனையில் கம்பெனிக்குப் போகும் ராயல்டி 5 சதவீதம், 12,000. வாடகை 20,000, சம்பளம் 45,000, கரண்ட் 8,000. மிச்சம் 71,000.

நாங்கள் முதலில் கேட்டது சரக்கின் விலைப்பட்டியல். டீத்தூள், கப், சிரப் எல்லாவற்றையும் கம்பெனியிடமே வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. கம்பெனியின் உண்மையான வருமானம் பல நேரம் ராயல்டியில் இல்லை, இந்தச் சரக்கு விலையில்தான் இருக்கிறது. பட்டியல் வந்ததும் ஒவ்வொரு கிளாசுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சரக்குச் செலவு 44 சதவீதம் வந்தது. 84,000 என்பது 1,05,600 ஆகிவிட்டது. கோவை கிடங்கிலிருந்து வரும் லாரி வாடகையும் கடைக்காரர் தலையில்தான். அது மாதம் சுமார் 4,000.

அடுத்தது ராயல்டி. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. வாடிக்கையாளரிடம் 5 சதவீதம் வரி வாங்கும் சாதாரண டீக்கடை, ஹோட்டலுக்கு, தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஆகவே அந்த 2,160 ரூபாய் திரும்பி வராத செலவு. 4 லட்சம் ஃபிரான்சைஸ் கட்டணத்திலும் இதே கதைதான், கையிலிருந்து போவது 4,72,000. டெலிவரி ஆப்பில் வரும் ஆர்டருக்கு, ஆப்பின் கமிஷனைக் கழிப்பதற்கு முந்தைய தொகைக்கு ராயல்டியா, கழித்த பிறகா என்பதையும் கேட்டோம். கழிப்பதற்கு முந்தைய தொகைக்குத்தான் என்று பதில் வந்தது.

இப்போது மிச்சம் சுமார் 43,000. அவர் வாங்க நினைத்த 10 லட்சம் கடனுக்கு, 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை மாதம் ஏறத்தாழ 21,700. விற்பனை தினம் 6,000-க்கு இறங்கினால் மிச்சம் 13,000 சொச்சம்தான், தவணைக்கே காணாது. நாள் முழுக்கக் கடையில் நிற்கப்போகும் அவருடைய சம்பளம் எந்தக் கணக்கிலும் இல்லை.

உதவி பற்றிய கேள்வியை "ட்ரெயினிங் உண்டா" என்று கேட்டால் "உண்டு" என்றுதான் வரும். எத்தனை நாள், எந்த ஊரில், தங்கும் செலவு யாருடையது, டீ மாஸ்டர் நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள் வருவார் என்று கேளுங்கள். இவருக்கு வந்த பதில், மாற்று ஆளை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும் என்பது. பக்கத்தில் எத்தனை கிலோமீட்டருக்குள் இன்னொரு கடை கொடுக்க மாட்டார்கள் என்பதையும் எண்ணாகவே வாங்க வேண்டும். அம்பாசமுத்திரத்துக்குக் கல்லிடைக்குறிச்சி எவ்வளவு பக்கம் என்று நமக்குத் தெரியும், கோவையில் இருப்பவருக்குத் தெரியாது.

கடைசியாக, கடந்த இரண்டு வருடத்தில் மூடிய கடைகளின் விவரம் கேட்டோம். அதை மட்டும் தர மறுத்தார்கள். அவரே விசாரித்து தென்காசிப் பக்கம் மூடிய கடைக்காரர் ஒருவரைப் பிடித்தார். திறந்திருக்கும் கடைக்காரர் புது ஆளிடம் மனம்விட்டுப் பேசத் தயங்குவார், மூடியவர் பில் நோட்டையே எடுத்துக் காட்டுவார். முதல் மூன்று மாதம் கூட்டம், அப்புறம் விற்பனை பாதியானது, சரக்கு விலை மட்டும் இரண்டு முறை ஏறியது என்றார் அவர்.

பதில்கள் கையில் இருந்தாலும் ஒரு வேலை பாக்கி உண்டு. "இதற்கு முந்தைய பேச்சு, கடிதம் எதுவும் செல்லாது" என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு மின்னஞ்சலை ஒதுக்கிவிட முடியும். அதனால் கேள்வி பதில் முழுவதையும் ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கவும், சரக்கு விலை வருடத்துக்கு எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று எழுதவும் கேட்டிருக்கிறோம். அதற்கு ஒத்துக்கொண்டால்தான் புக்கிங் பணம் என்று அவர் சொல்லிவிட்டார்.